கல்யாண போட்டோகிராஃபருக்கான ரீல் ஸ்கிரிப்ட்: பழைய வாடிக்கையாளரின் அந்தரங்கத்தைத் தொடாமல் ஸ்டைலையும் பேக்கேஜையும் காட்டுவது, அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நான் எடுத்த படம்தானே, என் ரீலில் போட எதற்கு இன்னொருவரிடம் கேட்க வேண்டும்?

படத்தின் பதிப்புரிமை வேறு, அதில் இருக்கும் ஆளின் முகத்தை விளம்பரத்துக்குப் பயன்படுத்துகிற உரிமை வேறு. இரண்டையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பிக்கொள்வதில்தான் பாதி சண்டை தொடங்குகிறது. பதிப்புரிமைகூட எல்லா நாட்டிலும் எடுத்தவருக்குப் போவதில்லை, காசு கொடுத்து எடுக்கச் சொன்னவருக்கே அது சேரும் என்று சொல்கிற சட்டங்களும் இருக்கின்றன. உங்கள் ஊரில் எப்படி என்று ஒரு வழக்கறிஞரிடம் ஒருமுறை கேட்டுவிடுங்கள். ஆனால் சட்டம் எப்படி இருந்தாலும் ரீல் என்பது உங்கள் தொழிலுக்கான விளம்பரம், ஒரு ஜோடியின் முகத்தை வைத்து அடுத்த ஜோடியைக் கூப்பிடுகிறீர்கள், அதற்கு அவர்கள் சரி என்று சொல்லியிருக்க வேண்டும்.

ஒப்பந்தத்திலேயே "படங்களை விளம்பரத்துக்குப் பயன்படுத்துவோம்" என்று ஒரு வரி இருக்கிறது, கையெழுத்தும் வாங்கியாச்சு. அது போதாதா?

காகிதத்தில் போதலாம், நடைமுறையில் போதாது. கல்யாண அவசரத்தில் பன்னிரண்டாவது பத்தியைப் படித்துப் பார்த்துக் கையெழுத்துப் போடுகிறவர் யாரும் கிடையாது. போதாக்குறைக்கு, போடுவது பெரும்பாலும் ஒருவர்தான், படத்தில் இருப்பது இரண்டு பேர்.

தனியாக ஒரு பக்கம் வைத்துக்கொள்ளுங்கள். அதில் மூன்று நிலை போதும்: ஒன்று, முகத்தோடு போடலாம்; இரண்டு, முகம் வேண்டாம், கை, உடை, அலங்காரம் மட்டும் போடலாம்; மூன்று, எதுவுமே வேண்டாம். எதையும் முன்கூட்டியே டிக் செய்து வைக்கக் கூடாது. இரண்டு பேரும் தனித்தனியாகக் கையெழுத்திட வேண்டும், ஒருவர் முதல் நிலை, மற்றவர் இரண்டாம் நிலை என்றால் குறைவாகச் சம்மதித்தவர் சொன்னதுதான் கணக்கு. காசு கொடுத்து விளம்பரமாக ஓட்டுவதற்கு அதே பக்கத்தில் தனியாக ஒரு கட்டம் வையுங்கள், ஏனென்றால் தெரிந்தவர்கள் பார்க்கிற பக்கத்தில் வருவதும் முன்பின் தெரியாத ஆயிரம் பேர் போனில் வருவதும் ஒன்றல்ல.

படம் வெளியே வரக் கூடாது என்றால் கூடுதல் கட்டணம் என்று கேட்கிற வழக்கம் சில இடங்களில் இருக்கிறது. எனக்கு அது பிடிக்காது. சம்மதித்தால் தள்ளுபடி என்பதும் அதே விஷயத்தைத் திருப்பிப் போட்டதுதான், காசு குறைவாக இருப்பவர்கள்தான் முகத்தைக் கொடுக்க வேண்டி வரும்.

ஸ்கிரிப்ட் எழுத உட்கார்ந்தால் எங்கிருந்து ஆரம்பிப்பது?

பெரும்பாலானவர்கள் தங்களுக்குப் பிடித்த பத்து கிளிப்பை எடுத்து டைம்லைனில் போட்டுவிட்டு அப்புறம் வசனம் யோசிக்கிறார்கள். அப்படிச் செய்தால், அனுமதி இல்லாத ஒரு கிளிப் உள்ளே வந்து உட்கார்ந்துகொள்ளும், பிறகு அதை எடுக்க மனசு வராது. "முகம் சரியாகத் தெரியலையே, பரவாயில்லை" என்று சமாதானம் தேட ஆரம்பித்துவிடுவோம்.

முதலில் ஃபோல்டரைப் பிரியுங்கள். மேலே சொன்ன மூன்று நிலைக்கு மூன்று ஃபோல்டர். மூன்றாவதை எடிட் செய்யும் கணினியின் ரீல் வேலை இருக்கும் இடத்துக்கே கொண்டுவராதீர்கள். அடுத்து, உங்கள் ஸ்டைலை இரண்டு வாக்கியத்தில் எழுதுங்கள். "உணர்ச்சிகளைப் பதிவு செய்கிறோம்" என்பது ஸ்டைல் இல்லை, அதை எந்த போட்டோகிராஃபரும் சொல்லலாம். "முடிந்தவரை இருக்கிற வெளிச்சத்திலேயே எடுப்போம், தோலின் நிறத்தை மாற்ற மாட்டோம், போஸ் கொடுக்கச் சொல்வது குறைவு" என்பது ஸ்டைல், ஏனென்றால் இதற்கு நேர்மாறாக வேலை செய்கிற நல்ல போட்டோகிராஃபர்களும் இருக்கிறார்கள். இந்த இரண்டு வாக்கியத்தையும் நிரூபிக்கிற கிளிப்பை முதல் இரண்டு ஃபோல்டரில் தேடுங்கள். தேடும்போதே தெரியும், பாதிக்கு மேல் முகம் தேவைப்படாது.

முகமே இல்லாமல் என் ஸ்டைல் எப்படித் தெரியும்? கல்யாணம் என்றாலே முகம்தானே?

உங்களை அமர்த்தப் போகிறவர் முன்பின் தெரியாத ஒரு ஜோடியின் முக அழகைப் பார்த்து முடிவெடுப்பதில்லை. வெளிச்சம் எந்தப் பக்கத்திலிருந்து வருகிறது, வெள்ளைத் துணி வெள்ளையாக இருக்கிறதா மஞ்சளடிக்கிறதா, கேமரா எவ்வளவு கிட்டப் போகிறது, எந்த நொடியில் ஷட்டரை அழுத்துகிறீர்கள் என்பதைத்தான், தனக்கே தெரியாமல், பார்க்கிறார். இதெல்லாம் ஒரு கையிலும் தெரியும், உடையின் மடிப்பிலும் தெரியும்.

மூன்று வகை ஷாட் நன்றாக வேலை செய்யும். ஒன்று, பின்னாலிருந்து வெளிச்சம் வந்து ஆட்கள் நிழலுருவமாகத் தெரிவது. இரண்டு, தோளுக்குக் கீழே மட்டும் இருக்கிற குளோசப். மூன்று, கிரேடிங்குக்கு முன்னும் பின்னும். இந்த மூன்றாவதைத்தான் நான் ரொம்ப நம்புகிறேன், ஏனென்றால் கேமரா தந்த வெளிறிய படத்தையும் நீங்கள் முடித்துக் கொடுத்த படத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் உங்கள் ரசனை நாலு நொடியில் பேசிவிடும், அதற்கு ஒரு மேசையும் பூவும் இருந்தால் போதும்.

அதற்காக முழு ரீலிலும் முகம் இல்லாமல் போனால் கொஞ்சம் வறண்டுதான் போகும். முதல் நிலைக்குச் சம்மதித்த ஒரே ஒரு ஜோடி இருந்தாலும் அவர்களுடைய ஏழு நொடி நடுவில் வந்தால் அந்தக் குறை தீர்ந்துவிடும்.

ஒரு முழு ஸ்கிரிப்டை நொடிக்கணக்கோடு காட்ட முடியுமா?

மூன்று பேர் கொண்ட ஒரு சின்னக் குழு என்று வைத்துக்கொள்வோம், இரண்டு போட்டோகிராஃபர், ஒரு வீடியோகிராஃபர். கையில் மூன்று கல்யாணம். முதல் ஜோடி முகத்தோடு போடச் சம்மதம். இரண்டாவது ஜோடி முகம் வேண்டாம் என்றவர்கள். மூன்றாவது ஜோடி எதுவுமே வேண்டாம் என்றவர்கள், ஆனால் குழுவின் மிகச் சிறந்த ஷாட் அவர்களுடையதுதான்: கொட்டுகிற மழையில் ஒரே குடைக்குள் இரண்டு பேர். அந்த ஷாட் வராது. எதிர்பார்த்தபடியே "முதுகுதானே தெரிகிறது" என்று குழுவில் ஒருவர் சொல்வார், வராது என்றால் வராதுதான்.

நீளம் 40 நொடி. தமிழில் நிதானமாகப் பேசினால் நொடிக்கு இரண்டு சொல்லைத் தாண்டாமல் இருப்பது நல்லது, ஆகவே குரலுக்கு 70 சொல் அளவுதான் இடம்.

0 முதல் 3 நொடி. இருட்டான அறை, திரைச்சீலை பாதி விலகுகிறது, இரண்டாவது ஜோடியில் ஒருவரின் கை சட்டைக் கையின் பொத்தானைப் போடுகிறது. ஃப்ரேம் தோளுக்குக் கீழே. குரல்: "இந்த அறையில் நாங்கள் ஒரு விளக்குகூடப் போடவில்லை."

3 முதல் 9. அதே கிளிப், கிரேடிங்குக்கு முன், அப்புறம் பின். குரல்: "தோலின் நிறத்தை மாற்ற மாட்டோம். இருட்டு இருட்டாகவே இருக்கும், வெளிச்சம் வெளிச்சமாகவே இருக்கும்."

9 முதல் 16. முதல் ஜோடி, மேடையிலிருந்து இறங்கியதும் ஒருவர் ஏதோ சொல்ல மற்றவர் வெடித்துச் சிரிக்கிறார். குரல்: "நிற்கச் சொல்லி, சிரிக்கச் சொல்லி எடுப்பது குறைவு. சிரிப்பு தானாக வரும் வரை காத்திருப்போம்."

16 முதல் 20. குழுவில் ஒருவர் ஓரமாக மண்டியிட்டு எடுக்கிறார், பின்னாலிருந்து. குரல்: "கூட்டத்தில் எங்களைத் தேடினால் ஓரத்தில்தான் இருப்போம்."

20 முதல் 31. ஒரு மேசை. ஒரு கேமராவை வைக்கிறது ஒரு கை, பிறகு இன்னொரு கேமராவும் ஆல்பமும், கடைசியில் வீடியோ கேமரா. ஒவ்வொன்றுக்கும் மூன்றரை நொடி, திரையில் ஒரே வரி எழுத்து. குரல்: "அரை நாளுக்கு ஒருவர் வருவோம். முழு நாள் என்றால் இரண்டு பேர், ஆல்பத்தோடு. இரண்டு நாள் என்றால் மூன்று பேர், வீடியோவும் சேரும்."

31 முதல் 37. இரண்டாவது ஜோடியின் கைகள், படிக்கட்டின் கைப்பிடி மேல். குரல்: "இதில் வருகிற எல்லோரும் சம்மதம் தந்தவர்கள். வேண்டாம் என்றவர்களின் படம் எங்கும் வராது."

37 முதல் 40. வெறும் பின்னணி, குழுவின் பெயர். குரல்: "தேதியை அனுப்புங்கள், அன்றைக்கு இருக்கிறோமா என்று சொல்கிறோம்."

31ஆவது நொடியில் வருகிற வரியைச் சிலர் எடுத்துவிடச் சொல்வார்கள். எனக்கு அதுதான் இந்த ரீலின் விற்பனை வரி. பார்க்கிறவர் நாளைக்குத் தன் படமும் இப்படித்தான் ஏதாவது ரீலில் வருமோ என்று யோசித்துக்கொண்டிருப்பார், அதற்கு அங்கேயே பதில் கிடைக்கிறது. ஆனால் அந்த வரியைச் சொன்னால் அது முழுக்க உண்மையாக இருக்க வேண்டும், பின்னால் நிற்கிற விருந்தினர் உட்பட. இந்த ஸ்கிரிப்டில் அதில் சறுக்கக்கூடிய இடம் 9 முதல் 16 வரை உள்ள சிரிப்பு ஷாட், ஏனென்றால் அது கூட்டத்துக்கு நடுவில் எடுத்தது.

அப்போ பின்னால் நிற்கிற விருந்தினர்களை என்ன செய்வது? ஒவ்வொருவரிடமும் போய்க் கேட்க முடியுமா?

கேட்க முடியாது, ஆகவே ஃப்ரேமிலிருந்து வெளியே விடுங்கள். இங்கே செங்குத்து வடிவம் உங்களுக்குச் சாதகம். 4கே வீடியோ 3840 பிக்சல் அகலம், 2160 உயரம். அதிலிருந்து 9:16 ஆக வெட்டினால் கிடைப்பது சுமார் 1215 பிக்சல் அகலம், அதாவது மொத்த அகலத்தில் மூன்றில் ஒரு பங்குக்கும் குறைவு. ரீலுக்குத் தேவை 1080, ஆகவே தரம் குறையாது. இரண்டு பக்கமும் நிற்கிற கூட்டம் தானாக வெளியே போய்விடும், எந்த மூன்றில் ஒரு பங்கு என்பதை நீங்கள்தான் தேர்ந்தெடுக்கிறீர்கள்.

இதையே 1920க்கு 1080 வீடியோவில் செய்தால் 608 பிக்சல் அகலம்தான் மிஞ்சும், அதைக் கிட்டத்தட்ட இரண்டு மடங்கு இழுக்க வேண்டி வரும், படம் மொழுமொழுவென்று ஆகிவிடும். ரீலுக்கு ஏதாவது வேண்டும் என்று தெரிந்தால் அன்றைக்கே 4கேயில் எடுத்துவிடுவது உத்தமம்.

நேர் பின்னாலேயே ஒருவர் முகம் தெளிவாகத் தெரிந்தால் அந்த ஷாட்டை விடுங்கள், வேறொன்று தேடுங்கள். குழந்தையாக இருந்தால் யோசிக்கவே வேண்டாம், எடுத்துவிடுங்கள்.

முகத்தை பிளர் செய்துவிட்டால் வேலை முடிந்ததே?

முடியாது. முதலில் அது அசிங்கமாக இருக்கும், கட்டம் கட்டமாக மறைத்த முகம் கல்யாண ரீலைக் குற்றச் செய்தி மாதிரி ஆக்கிவிடும். இரண்டாவது, முகத்தைத் தொடர்ந்து போகிற டிராக்கிங் யாராவது குறுக்கே கை நீட்டினாலோ ஆள் சட்டென்று திரும்பினாலோ நழுவும். நொடிக்கு 25 ஃப்ரேம் ஓடுகிற வீடியோவில் ஒரே ஒரு ஃப்ரேம் நழுவினால் ஓடும்போது உங்கள் கண்ணுக்குத் தெரியாமல் போகலாம், ஆனால் நிறுத்திப் பார்க்கிறவருக்குத் தெரியும். வேறு வழியே இல்லாமல் பிளர் போட்டீர்கள் என்றால் அந்தப் பகுதியை ஃப்ரேம் ஃப்ரேமாக ஒருமுறை நகர்த்திப் பாருங்கள். அதற்குச் சோம்பலாக இருந்தால் அந்தக் கிளிப் வேண்டாம்.

முகம் தெரியாவிட்டாலும் ஆளைக் கண்டுபிடித்துவிடுகிறார்கள், எப்படி?

எழுத்து, கண்ணாடி, சத்தம், பிறகு நீங்களே போடுகிற டேக். பெரும்பாலும் இந்த நாலில் ஒன்று.

எழுத்து என்றால் மேடைக்குப் பின்னால் இருக்கிற பெயர்ப் பலகை, அழைப்பிதழ், காரின் எண், உடையில் தைத்த பெயர், பரிசுப் பொட்டலத்தின் சீட்டு. பலகை ஃபோகஸில் இல்லை என்று விட்டுவிடாதீர்கள், பெரிய எழுத்து மங்கலாக இருந்தாலும் படிக்க முடியும், அதுவும் அந்தப் பெயரை ஏற்கனவே தெரிந்தவருக்கு. கண்ணாடிக்கு, மேலே உள்ள ஸ்கிரிப்டின் முதல் ஷாட்டையே எடுத்துக்கொள்ளுங்கள். தோளுக்குக் கீழேதான் ஃப்ரேம், ஆனால் பொத்தான் போடுகிற கைக்குப் பின்னால் ஒரு நிலைக்கண்ணாடி இருந்தால், திரைச்சீலை விலகி வெளிச்சம் வருகிற அந்த நொடியில் முகம் கண்ணாடியில் முழுசாக வந்துவிடும். இருட்டில் வெட்டிப் பார்த்தபோது இல்லாத முகம் அது. கிரேடிங்கில் நிழலைத் தூக்கிய பிறகுதான் வெளியே வரும், ஆகவே கடைசிச் சோதனையை கிரேடிங் முடித்து, வெளிச்சத்தைக் கூட்டிய திரையில் செய்யுங்கள். கறுப்புக் கண்ணாடி, பளபளப்பான கார் கதவு, கேமராவின் பின்திரை, எல்லாம் இதே கதைதான். ஸ்கிரிப்டில் 16ஆவது நொடியில் வருகிற ஆளின் கேமராத் திரையில் மேடையே தெரியலாம்.

சத்தம் நாம் மறந்தே போகிற விஷயம். மைக்கில் பெயர் சொல்வது, நண்பர்கள் கூப்பிடுவது, பின்னணியில் யாரோ "டேய்" என்று தொடங்கி முழுப் பெயரையும் சொல்வது. ஒரிஜினல் ஆடியோவை முழுக்க அணைத்துவிட்டுச் சிரிப்புச் சத்தம் வேண்டும் என்றால் அதை மட்டும் எடுத்து வையுங்கள்.

டேக். ஒப்பனைக் கலைஞரை டேக் செய்கிறீர்கள், அவர் பக்கத்தில் அதே உடையில் அதே ஜோடியின் முழுப் படமும் பெயரும் இருக்கிறது. உங்கள் கவனமெல்லாம் ஒரு தட்டலில் போச்சு. இரண்டாம் நிலை ஜோடி வருகிற ரீலில் இடத்தையும் போடாதீர்கள், மற்றவர்களையும் டேக் செய்யாதீர்கள். கல்யாணம் முடிந்த வாரத்திலேயே போடுவதும் வேண்டாம், தேதியை வைத்தே யார் என்று சொல்லிவிடுவார்கள், போதாததற்கு ஜோடி வெளியூர் போய் வீடு பூட்டிக் கிடக்கிற நேரமாகவும் அது இருக்கலாம். சொந்தக்காரர் யாராவது கமென்டில் பெயர் போட்டு வாழ்த்தினால் நீக்கிவிட்டு அவருக்குத் தனியாக ஒரு வரி எழுதிவிடுங்கள், கோபித்துக்கொள்ள மாட்டார்.

பேக்கேஜை எவ்வளவு சொல்ல வேண்டும்? விலையைப் போடலாமா?

ஒவ்வொரு பேக்கேஜுக்கும் மூன்றே விஷயம்: எவ்வளவு நேரம், எத்தனை பேர் வருவார்கள், கையில் என்ன கிடைக்கும். எத்தனை எடிட் செய்த படம், ஆல்பத்துக்கு எத்தனை பக்கம், எத்தனை வாரத்தில் கிடைக்கும் என்பதெல்லாம் கேப்ஷனில். திரையில் எழுத்து மூன்று நொடியாவது நிற்க வேண்டும், கீழே கேப்ஷனும் பட்டன்களும் மூடுகிற பகுதியில் எழுத்து வைக்காதீர்கள். திரையின் நடுப்பகுதிதான் பத்திரம்.

தொடக்க விலையைச் சொல்வது நல்லது என்பது என் கட்சி. "விலைக்கு மெசேஜ் செய்யவும்" என்றால் மெசேஜ் நிறைய வரும், அதில் பாதிப் பேர் விலையைக் கேட்டதும் காணாமல் போவார்கள். விலை அடிக்கடி மாறும் என்றால் குரலில் சொல்லாமல் கேப்ஷனில் எழுதுங்கள், குரலை மாற்ற மறுபடி எடிட் செய்ய வேண்டும், கேப்ஷனை அப்படியே திருத்திக்கொள்ளலாம். பழைய ஜோடி எந்த பேக்கேஜ் எடுத்தார்கள் என்று மட்டும் அவர்கள் கிளிப்பின் மேல் எழுதிவிடாதீர்கள். அவர்கள் எவ்வளவு செலவு செய்தார்கள் என்று ஊருக்கே சொன்னதாகிவிடும், முகத்துக்குச் சம்மதம் தந்தவர் இதற்குத் தரவில்லை.

ஆல்பத்தைத் திருப்பிக் காட்டினால் உள்ளே முகங்கள் வருமே?

வரும். மாதிரி ஆல்பத்தை மாடல்களை வைத்து எடுத்த படங்களால் செய்துகொள்ளுங்கள், அவர்களிடமும் எழுத்தில் சம்மதம் வாங்கிக்கொண்டு. ரீலில் அது ஏற்பாடு செய்து எடுத்தது என்று ஓரத்தில் ஒரு வரி போட வேண்டும், இல்லையென்றால் அரை நாள் அவசரத்திலும் இப்படித்தான் எடுப்பீர்கள் என்று நம்பிவிடுவார்கள். காகிதத்தின் தடிமனையும் தையலையும் காட்டத்தான் ஆசை என்றால் ஆல்பத்தின் ஓரத்தைக் குளோசப்பில் எடுத்தாலே போதும்.

ஒப்பந்தத்தில் எதுவும் எழுதாத பழைய ஜோடியிடம் இப்போது எப்படிக் கேட்பது?

கிளிப்பையே அனுப்பிக் கேளுங்கள். "உங்கள் படங்களைப் பயன்படுத்தலாமா" என்று மொட்டையாகக் கேட்டால் எதைச் சொல்கிறீர்கள் என்று அவர்களுக்குப் புரியாது. இப்படி எழுதலாம்:

"வணக்கம். எங்கள் வேலையைக் காட்ட 40 நொடி ரீல் ஒன்று செய்கிறோம். உங்கள் கல்யாணத்திலிருந்து இந்த 6 நொடியை மட்டும் வைக்க ஆசை, இணைத்திருக்கிறேன். பெயர், இடம், தேதி எதுவும் வராது. விளம்பரமாக ஓட்ட மாட்டோம். இரண்டு பேருக்கும் சரி என்றால் சொல்லுங்கள். வேண்டாம் என்றாலும் தயங்காமல் சொல்லலாம். பதில் வராவிட்டால் வேண்டாம் என்றே எடுத்துக்கொள்வோம்."

கடைசி வரி முக்கியம். பதில் வராததைச் சம்மதமாக எடுத்துக்கொள்கிற மெசேஜ்கள்தான் பிற்பாடு ஸ்கிரீன்ஷாட்டாகத் திரும்பி வரும். ஒருமுறைதான் கேட்க வேண்டும், நினைவூட்டல் அனுப்பக் கூடாது. வருகிற பதிலை அந்த ஜோடியின் ஃபோல்டரிலேயே போட்டு வையுங்கள்.

பின்னணிக்கு இப்போது ஓடிக்கொண்டிருக்கிற பாட்டைப் போடலாமா?

தொழில் கணக்குகளுக்கு எல்லாப் பாட்டும் கிடைக்காது, கிடைத்தாலும் விளம்பரத்துக்கு உரிமை இருக்கும் என்று அர்த்தமில்லை. வணிகப் பயன்பாட்டுக்கு உரிமம் உள்ள இசையைப் போடுங்கள், குரல் இருக்கிற ரீலுக்கு மெல்லிய இசையே போதும்.

சம்மதம் தந்த ஜோடி ஒரு வருடம் கழித்து எடுத்துவிடச் சொன்னால்?

காரணம் கேட்காமல் எடுத்துவிடுங்கள். பிரிந்திருக்கலாம், யாராவது இறந்திருக்கலாம், வேலை மாறியிருக்கலாம், எதுவானாலும் விளக்கம் சொல்ல வேண்டிய கட்டாயம் அவர்களுக்கு இல்லை. இதைச் சுலபமாக்க ஸ்கிரிப்ட் எழுதும்போதே ஒரு வேலை செய்யலாம்: ஒவ்வொரு ஜோடியையும் ஒரு தனித் துண்டுக்குள் வைத்து, அந்தத் துண்டில் வருகிற குரல் அவர்களைக் குறிப்பிட்டுப் பேசாமல் பார்த்துக்கொள்ளுங்கள். மேலே உள்ள ஸ்கிரிப்டில் 9 முதல் 16 வரை உள்ள சிரிப்பை எடுத்துவிட்டு வேறொரு சிரிப்பை வைத்தால் குரலில் ஒரு சொல்கூட மாற்ற வேண்டியதில்லை. ப்ராஜெக்ட் ஃபைலை அழிக்காமல் வைத்திருந்தால் அரை மணி நேர வேலை. போட்ட ரீலுக்குள் கிளிப்பை மாற்ற முடியாது, பழையதை நீக்கிவிட்டுப் புதிதாகத்தான் ஏற்ற வேண்டும். பார்வை எண்ணிக்கை போகும், போகட்டும்.

ஆனால் உங்கள் பக்கத்திலிருந்து நீக்கினாலும் மற்றவர்கள் எடுத்து வைத்த பிரதி திரும்ப வராது. பொதுக் கணக்கின் ரீலைப் பதிவிறக்கவும் ரீமிக்ஸ் செய்யவும் இன்ஸ்டாகிராமில் வசதி இருக்கிறது, இரண்டையும் அமைப்புக்குள் போய் அணைக்கலாம், ஏற்றும்போதே அணைத்துவிடுங்கள். அப்படியும் திரையைப் பதிவு செய்கிறவரைத் தடுக்க முடியாது. இதைச் சம்மதப் பக்கத்திலேயே எழுதி, கையெழுத்து வாங்கும்போது வாயாலும் சொல்லிவிடுங்கள். அதைக் கேட்டபின் சிலர் முதல் நிலையிலிருந்து இரண்டாம் நிலைக்கு இறங்குவார்கள். உங்களுக்கு ஒரு முகம் குறையும், ஆனால் அவர்களுடைய கைகள் போதும்.